தாவல் பட்டனை மட்டும்தான் மாற்றினேன், டிராகன் பஞ்ச் ஏன் வரமாட்டேன் என்கிறது?

தாவல்தவளை

குச்சிக்குப் பதில் பட்டன்களாலேயே திசை கொடுக்கும் லெவர்லெஸ் வைத்திருப்பவர்களிடம் ஒரு சந்தேகம். என்னுடையது எல்லோரிடமும் இருக்கும் அமைப்புதான். இடது கையில் மூன்று 24 மி.மீ. பட்டன்கள்: மோதிரவிரலில் இடது, நடுவிரலில் கீழ், ஆள்காட்டி விரலில் வலது. தாவல் மட்டும் கட்டைவிரலுக்கு, 30 மி.மீ. பெரிய பட்டன்.

கட்டைவிரலின் அடிமூட்டு வலிக்க ஆரம்பித்ததால் தாவலை மேலே கொண்டுபோனேன். 'கீழ்' பட்டனுக்கு நேர் மேலே சும்மா கிடந்த பட்டன் அது. கீபோர்டில் W இருப்பது மாதிரி. வேறு எதையும் தொடவில்லை.

தாவுவது இரண்டே நாளில் பழகிவிட்டது. ஆனால் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் ரியுவின் டிராகன் பஞ்ச், அதாவது ஷோர்யுகெனுக்கான 623 வருவதில்லை. எண்கள் வழக்கமான நம்பர்-பேட் திசைகள்தான்: 6 முன்னால், 2 கீழ், 3 இரண்டும் சேர்ந்தது, 5 எதையும் அழுத்தாதது. எதிராளி தலைக்கு மேல் தாவி வருகிறான், ரியு ஷோர்யுகென் போடாமல் நேராக முன்னால் ஒரு குத்து குத்துகிறார், நான் அடி வாங்குகிறேன். 623-இல் மேல் திசையே கிடையாதே? நான் மாற்றாத ஒன்று எப்படிக் கெட்டது?

சுவிட்ச்சுப்பு

சுவிட்ச்சைப் பாருங்கள் ப்ரோ. பழைய சுவிட்ச் தேய்ந்தால் இப்படித்தான், அழுத்தினாலும் சில சமயம் பதியாது. அழுத்த ஆழம் குறைவான சுவிட்ச்சாக மாற்றிவிடுங்கள். நான் மாற்றியதிலிருந்து பிரச்சினையே இல்லை.

தாவல்தவளை

@சுவிட்ச்சுப்பு பலகை புதுசு. தாவலைக் கட்டைவிரலுக்கே திருப்பிப் போட்டுப் பார்த்தேன், அடுத்த நிமிடமே 623 வந்தது. அதனால் சுவிட்ச்சாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

வயர்மணி

எங்கே மாற்றினீர்கள், கேமின் உள்ளேயா, பலகையிலேயா? பலகையில் என்றால் காரணம் அதுதான். ரீமேப் செய்தால் ஃபர்ம்வேர் ஒவ்வொரு பட்டனையும் "இது எது" என்று தேடிப் பார்த்து அனுப்ப வேண்டும், அதில் தாமதம் வரும். கேமின் செட்டிங்கில் மாற்றுங்கள்.

இன்னொன்று. GP2040-CE போட்ட பலகை என்றால் S2-வை அழுத்திக்கொண்டே செருகி, http://192.168.7.1 திறந்து, எதிரெதிர் திசைகளைச் சேர்த்து அழுத்தினால் எது போகும் என்று முடிவு செய்யும் SOCD என்னவாக இருக்கிறது என்றும் பாருங்கள். மேப்பிங் மாற்றப் போன இடத்தில் அதுவும் மாறியிருக்கலாம்.

தாவல்தவளை

GP2040-CE தான், மாற்றியதும் பலகையில்தான். SOCD முன்பும் Neutral, இப்போதும் Neutral.

பழையபெட்டி

தவளை, பதில் சொல்வதற்கு முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும்.

ட்ரெய்னிங் மோடில் இன்புட் ஹிஸ்டரியைப் போட்டு, ஒவ்வொரு திசைக்கும் பக்கத்தில் வரும் ஃப்ரேம் எண்ணோடு இரண்டு பதிவு எழுதுங்கள்: பழைய அமைப்பில் சரியாக வந்த ஒன்று, புதிய அமைப்பில் தவறிய ஒன்று. அடுத்து, ரியு வலப்பக்கம் நின்று இடதுபுறம் பார்க்கும்போதும் தவறுகிறதா? கடைசியாக, 236 எப்படி வருகிறது?

தாவல்தவளை

எடுத்துவிட்டேன். படிக்க வசதியாக முதலில் நடந்ததை மேலே எழுதியிருக்கிறேன். பழைய அமைப்பு:

```
6      4
5      1
2      3
3+HP   2
```

புதிய அமைப்பு, தவறியது:

```
6      4
5      4
6+HP   1
3      2
```

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தவறுகிறது. 236-இல் ஒரு குறையும் இல்லை, ஹடோகென் கேட்டபோதெல்லாம் வருகிறது. அதுதான் இன்னும் குழப்பம்.

பழையபெட்டி

குழப்பமே இல்லை, இந்த இரண்டு பதிவிலும் எல்லாம் இருக்கிறது.

முதல் 6 தொடங்கியதிலிருந்து ஹெவி பஞ்ச் விழும் வரை எண்ணுங்கள். பழையதில் 4, 1, 3, ஆக 8 ஃப்ரேம். புதியதில் 4, 4, மறுபடியும் 8. உங்கள் வலது கை ஒரு ஃப்ரேம்கூடப் பிசகவில்லை. ஆள்காட்டி விரல் இரண்டாவது முறை அழுத்தியதும் அதே எட்டு ஃப்ரேம் கழித்துத்தான். தாமதமாக வந்தது ஒரே ஒரு விரல். 5-ஆவது ஃப்ரேம் முடிந்ததும் வந்திருக்க வேண்டிய 'கீழ்' 9-ஆவது முடிந்த பிறகு வந்திருக்கிறது. 4 ஃப்ரேம், அதாவது ஏறத்தாழ 67 மில்லி செகண்ட். கேமின் கண்ணுக்கு நீங்கள் செய்தது முன்னால், விடு, முன்னால் + ஹெவி பஞ்ச். ரியுவுக்கு அதற்கென்றே ஒரு அடி இருக்கிறது, சோலார் பிளெக்ஸஸ். நீங்கள் பார்த்த "நேராக முன்னால் ஒரு குத்து" அதுதான்.

இரண்டு பக்கமும் தவறுகிறதா என்று கேட்டதற்குக் காரணம் இது. ரியு வலது பார்த்து நின்றால் 'முன்னால்' ஆள்காட்டி விரல், இடது பார்த்து நின்றால் மோதிரவிரல். கோளாறு அவற்றில் ஒன்றில் என்றால் ஒரு பக்கம்தான் கெடும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான விரல் நடுவிரல். தாவல் கட்டைவிரலில் இருந்தவரை அதற்கு ஒரே வேலைதான், 'கீழ்' மேல் உட்கார்ந்திருப்பது. இப்போது இரண்டு பட்டனுக்கு அதுதான் பொறுப்பு. 24 மி.மீ. பட்டன்களில் ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு இரண்டரை சென்டிமீட்டராவது இருக்கும். எதிராளி தாவுவாரோ, நாம் தாவ வேண்டியிருக்குமோ என்று காத்திருக்கும் நேரத்தில் உங்கள் நடுவிரல் 'கீழ்' மேல் உட்கார்ந்திருக்காது. இரண்டுக்கும் நடுவே மிதக்கும், இல்லையென்றால் மேலேயே நிற்கும். அடுத்த முறை ஆடும்போது கையை வீடியோ எடுத்துப் பாருங்கள்.

236 ஏன் கெடவில்லை என்பதும் இதிலிருந்தே வரும். அங்கே 'கீழ்'தான் முதல் அசைவு. அது தாமதமானால் 2-இன் நீளம் குறையுமே தவிர, அதற்கு முன்னால் ஓடிப்போக எதுவும் இல்லை, வரிசை கலையாது. 623-இல் 'கீழ்' நடுவில் இருக்கிறது. இரு புறமும் அதன் பங்காளிகள் பழைய நேரத்துக்கு வந்து போய்விடுகிறார்கள்.

தாவல்தவளை

அட. ஆனால் பத்தில் நாலைந்து முறை வரவும் செய்கிறதே?

பழையபெட்டி

வரும். பழைய பதிவில் 2 எத்தனை ஃப்ரேம் இருந்தது? மூன்று. நடுவிரல் ஒன்றோ இரண்டோ ஃப்ரேம் தாமதித்தால் 2 குறுகிப்போகும், ஆனாலும் ஒரு ஃப்ரேமாவது பதிவாகும், ஷோர்யுகென் வரும். மூன்று தாமதித்தால் 2 என்ற திசையே இருக்காது. உங்கள் கையில் இருந்த சலுகை 50 மில்லி செகண்ட். விரல் 'கீழ்' அருகில் இருந்த தடவை தப்பித்தீர்கள், மேலே நின்ற தடவை மாட்டினீர்கள்.

வயர்மணி

சரி, ஆனால் ஃபர்ம்வேர் தாமதமும் சேர்ந்திருக்கலாம் இல்லையா?

பழையபெட்டி

இந்தப் பதிவு அதற்கு இடம் தரவில்லை, வயர்மணி. பலகையில் தாமதம் என்றால் எல்லா பட்டனும் சேர்ந்து தள்ளிப்போகும், அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளி மாறாது. இங்கே இடைவெளிதான் மாறியிருக்கிறது. மாறியதும் ரீமேப் செய்யாத 'கீழ்' பட்டன். மேப்பிங் மாற்றாவிட்டாலும் ஃபர்ம்வேர் "எந்த பின்னுக்கு எந்த திசை" என்ற அதே பட்டியலைப் பார்த்துத்தான் அனுப்புகிறது. பட்டியலில் ஒரு வரியை மாற்றியதால் வேலை கூடாது.

SOCD பார்க்கச் சொன்னது நல்ல யோசனை. தவளைக்கு அது காரணமில்லை, ஆனால் வேறு ஒருவருக்குக் காரணமாக இருக்கலாம்.

சோனிக்செல்வி

அந்த வேறு ஒருவர் நான்தான். நான் கைல் ஆடுகிறேன், ஒரு பட்டனைக்கூட மாற்றவில்லை. போட்டி விதிக்காக SOCD-ஐ Up Priority-இலிருந்து Neutral-க்கு மாற்றினேன், சோமர்சால்ட் கிக் செத்துப்போனது.

பல வருடமாக என் கை செய்தது இதுதான்: நடுவிரலால் கீழே பிடித்துக்கொண்டே கட்டைவிரலால் மேல், கூடவே கிக். கீழை விடுவதே கிடையாது. Up Priority-இல் இரண்டும் சேர்ந்தால் மேல் என்று போய்விடும். Neutral-இல் இரண்டும் சேர்ந்தால் ஒன்றுமில்லை, 5. நடுவிரலைத் தூக்கும் வரை மேல் பதியாது, கிக் அதற்குள் போய்விடும். பட்டன் இடம் மாறவில்லை, ஆனால் "எப்போது விட வேண்டும்" என்பது மாறிவிட்டது. இதையும் ரீமேப் கணக்கில்தான் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பழையபெட்டி

சேர்க்கத்தான் வேண்டும். லெவர்லெஸ்ஸில் அழுத்துவது மட்டும் இன்புட் இல்லை, விடுவதும் இன்புட். 236-இல் 3-இலிருந்து 6-க்குப் போவது எதையும் அழுத்தி அல்ல, நடுவிரலைத் தூக்கித்தான். நம் கைப்பழக்கத்தில் பாதி தூக்கும் நேரங்கள்தான், அதை யாரும் கவனிப்பதில்லை, கெட்டால்தான் தெரியும்.

செல்வி, ஒரு வேடிக்கை பாருங்கள். தவளையின் புதிய அமைப்பில் உங்கள் பிரச்சினையே எழாது. கீழும் மேலும் ஒரே விரல் என்றால் இரண்டையும் சேர்த்து அழுத்தவே முடியாது, SOCD எதுவாக இருந்தால் என்ன. பதிலுக்கு, கீழிலிருந்து மேலே போகும் வழியில் எப்போதும் சில ஃப்ரேம் வெற்றிடம் இருக்கும். பின்னால் குனிந்து தடுத்துக்கொண்டிருந்து பின்னால் தாவினால், 1-க்கும் 7-க்கும் நடுவே ஒரு 4 எட்டிப்பார்க்கும். நின்றபடி தடுக்கும் நிலை. அந்த நேரத்தில் கால் அடி வந்தால் வாங்க வேண்டியதுதான். இரண்டு விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் செய்த வேலையை ஒரு விரலுக்குக் கொடுத்தால் இந்த வெற்றிடம் பயிற்சியால் குறையும், பூஜ்யமாகாது. பழகினால் போய்விடும் கோளாறு வேறு, அமைப்பிலேயே இருக்கும் கோளாறு வேறு.

தாவல்தவளை

அப்படியென்றால் 623 எந்த வகை? பழகினால் போகுமா?

பழையபெட்டி

போகும். 623-இல் நடுவிரல் மேலே போக வேண்டிய தேவை இல்லை, அது தவறான இடத்தில் காத்திருக்கிறது, அவ்வளவுதான். தாவி முடித்ததும் விரல் 'கீழ்'க்குத் திரும்பி உட்கார வேண்டும். பழக்க வேண்டியது அந்தத் திரும்புதலை, 623-ஐ அல்ல. ட்ரெய்னிங் மோடில் நின்ற இடத்தில் நூறு ஷோர்யுகென் போட்டால் நூறும் வரும், ஏனென்றால் அப்போது விரல் கீழேயே இருக்கும். டம்மியை இரண்டு விதமாகப் பதிவு செய்யுங்கள், ஒன்றில் தாவி வரட்டும், இன்னொன்றில் சும்மா நடக்கட்டும். இரண்டையும் மாற்றி மாற்றி ஓடவிட்டு, நடுவே நீங்களும் தாவுங்கள். தாவி இறங்கிய பிறகு வரும் ஷோர்யுகெனைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். தவறினால் ஹிஸ்டரியில் 5 எத்தனை ஃப்ரேம் என்று பாருங்கள். 4-இலிருந்து 2, 1 என்று இறங்கினால் சரியான வழி.

வலது கையை மெதுவாக்கி இடது கைக்காகக் காத்திருக்கப் பழகாதீர்கள். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். வேலை செய்வதுபோல் இருக்கும், ஆனால் ஆன்டி-ஏர் மொத்தமும் நாலு ஃப்ரேம் தாமதமாகும்.

சுவிட்ச்சுப்பு

வலது கை ஏன் தானாகக் காத்திருக்காது? கீழ் அழுத்தவில்லை என்று விரலுக்குத் தெரியுமே?

பழையபெட்டி

தெரியும், ஆனால் தெரிவதற்குள் முடிந்துவிடும். மொத்த 623-உம் 8 ஃப்ரேம், 133 மில்லி செகண்ட். விரல் உணர்ந்து, தகவல் மேலே போய், திருத்தம் கீழே வருவதற்கு அந்த நேரம் போதாது. கார்ல் லாஷ்லி என்ற உளவியலாளர் 1951-லேயே பியானோக்காரர்களின் விரலைக் காட்டி இதைச் சொன்னார்: ஒரு விரலின் உணர்வு அடுத்த விரலைத் தூண்டுகிறது என்று சொல்ல முடியாத அளவுக்கு அது வேகம், வரிசை முழுக்க முன்கூட்டியே தயாராகிக் கிளம்ப வேண்டும். உங்கள் 623-உம் ஒரே பொட்டலமாகத்தான் கிளம்புகிறது. உள்ளே இருப்பது "முன்னால், கீழ், முன்னால்" என்ற பெயர்கள் அல்ல, எந்த விரல் எங்கிருந்து எப்போது என்பது. நடுவிரல் கிளம்பும் இடத்தை நீங்கள் மாற்றிவிட்டீர்கள், பொட்டலத்துக்கு அது தெரியாது.

தாவல்தவளை

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். காலியான கட்டைவிரல் பட்டனில் பாரி வைத்திருக்கிறேன், மீடியம் பஞ்ச் + மீடியம் கிக் ஒரே அழுத்தத்தில். ராங்க்டு ஆடும்போது மட்டும் சம்பந்தமில்லாமல் பாரி வந்து நிற்கிறது, எதிராளி வந்து தூக்கி எறிகிறான்.

பழையபெட்டி

வேறு எதை மாற்றாவிட்டாலும் அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

புதிய இடம் பழகியதால் பழைய பழக்கம் அழிந்துவிடாது, அடியில் கிடக்கும். நிதானமாக இருக்கும்போது புதியது ஜெயிக்கும், பதற்றத்தில் பழையது முந்திக்கொள்ளும். ராங்க்டில் மட்டும் வருகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். தாவ வேண்டும் என்று நினைத்த கணத்தில் கட்டைவிரல் தானாக இறங்குகிறது. பட்டன் காலியாக இருந்தால் நஷ்டம் தாவல் வராதது மட்டும்தான். அங்கே பாரியை வைத்ததால் ஒவ்வொரு பழைய பிழையும் ஒரு செயலாக மாறுகிறது. பாரி பிடித்து நிற்பவரைத் தூக்கி எறிவதுதான் அதற்கு மருந்து, எதிராளி சரியாகத்தான் செய்கிறான்.

காலி பட்டன் ஹிஸ்டரியில் தெரியாது, அதனால் கட்டைவிரல் எத்தனை முறை ஏமாந்தது என்று உங்களுக்கே தெரியாது. அதனால் ட்ரெய்னிங் மோடுக்கு மட்டும் அங்கே ஒரு லைட் கிக் வையுங்கள். ஹிஸ்டரியில் காரணமில்லாத லைட் கிக் எத்தனை என்று எண்ணுங்கள். அது அநேகமாக நின்றுபோன பிறகு பாரியைத் திரும்பக் கொண்டுவரலாம்.

கீழ்_மேல்_கீழ்

நான் இதில் ஒத்துப்போகவில்லை. இரண்டு அமைப்பு வைத்து ஆடுகிறேன். டெக்கன் 8-க்குத் தாவல் மேலே, ஸ்ட்ரீட் ஃபைட்டருக்குக் கட்டைவிரலில். டெக்கனில் மேல் என்பது பெரும்பாலும் பக்கவாட்டில் நகர ஒரு தட்டு, அதற்கு W இடம்தான் சுகம். இரண்டு ப்ரொஃபைல், ஒரே பலகை, எனக்கு எதுவும் கலப்பதில்லை. பழைய பழக்கம் பதற்றத்தில் முந்தும் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும்.

சோனிக்செல்வி

உங்களுக்குக் கேமே வேறு அல்லவா? திரை வேறு, அசைவு வேறு, தாவும் காரணமும் வேறு. தவளைக்கு அதே ரியு, அதே எதிராளி, அதே தாவல். "இப்போது தாவு" என்ற அதே கட்டளைக்கு இரண்டு விரல் கை தூக்குகிறது. மோதல் அங்கேதானே வருகிறது?

கீழ்_மேல்_கீழ்

இருக்கலாம். ஆனால் நான் இரண்டையும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாகப் பழகினேன். ஒன்று ஊறிப்போன பிறகு மற்றொன்றைச் சேர்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கும் என்று தோன்றுகிறது.

பழையபெட்டி

இருவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்: ஒரே கேமில், ஒரே பாத்திரத்துக்கு, தோற்ற அன்று பழையது, ஜெயித்த அன்று புதியது என்று மாற்றிக்கொண்டிருந்தால் இரண்டும் வீணாகும்.

வயர்மணி

மேல் திசையை இரண்டு பட்டனிலும் வைத்தால் என்ன? கட்டைவிரல் ஏமாந்தாலும் தாவல் வருமே.

பழையபெட்டி

வரும், அதனால்தான் கட்டைவிரல் ஓய்வு பெறாது. தவளை மாற்றியதே வலிக்காக. பழைய பட்டன் பலன் கொடுத்துக்கொண்டே இருந்தால் கை அதை ஏன் விடப்போகிறது? போட்டிக்குப் போகிறவர் என்றால் ஒரே திசைக்கு இரண்டு பட்டன் அனுமதியா என்று அந்தப் போட்டியின் விதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுவிட்ச்சுப்பு

வலிக்குப் பலகையைச் சாய்த்து வைத்துப் பார்த்தீர்களா? என்னுடையது மடியில் தட்டையாக இருந்தபோது கட்டைவிரல் உள்ளே மடங்கியே இருக்கும். மேசையில் வைத்து, இடதுபக்கத்தைக் கொஞ்சம் திருப்பினேன், விரல் நேரானது. பட்டனை மாற்றவே வேண்டியிருக்கவில்லை.

தாவல்தவளை

சுப்பு, அதை முயற்சி செய்யவே இல்லை. மடியில்தான் ஆடுகிறேன்.

இதுவரை நடந்தது: பாரியை எடுத்துவிட்டேன், ட்ரெய்னிங்கில் லைட் கிக் வைத்து எண்ணினேன், நினைத்ததைவிட மிக அதிகம். கையை வீடியோ எடுத்ததில் பெட்டி சொன்னது சரி. தாவி இறங்கியதும் நடுவிரல் மேல் பட்டனிலேயே நிற்கிறது. அதை மட்டும் கவனித்து ஆடியதில் 5-இன் நீளம் சில தடவை 2-க்கு இறங்கியது, ஷோர்யுகென் வந்தது. கவனம் எதிராளி மேல் போனதும் மறுபடி 4.

மேசையில் வைத்து வலி குறைகிறதா என்று முதலில் பார்க்கிறேன். குறைந்தால் கட்டைவிரலுக்கே திரும்பலாமா, இல்லை இவ்வளவு தூரம் வந்தாயிற்று, மேலேயே தொடரலாமா என்று தெரியவில்லை.

கீழ்_மேல்_கீழ்

தொடருங்கள்.

சோனிக்செல்வி

திரும்புங்கள். ரியுவுக்கு மேலே வைத்து என்ன லாபம்? குனிந்த தடுப்பிலிருந்து தாவும்போது வரும் அந்த 4 எப்போதும் கூடவே இருக்கும்.

பழையபெட்டி

வலி என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். திரும்பினால் பழையது சீக்கிரம் வந்துவிடும், அதில் பயம் வேண்டாம். ஆனால் முதல் சில நாள் நடுவிரல் மேலே போய் எதையோ தேடும். அந்த மேல் பட்டனையும் காலியாகவே வையுங்கள்.